கட்டு வேலையும் பூச்சு வேலையும்: FS, SS, FF மூன்றில் எதைப் போடுவது?

சைட்டில் பிளான் போடத் தொடங்கும் இளம் பொறியாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "செங்கல் கட்டு முழுசா முடிஞ்சாதான் பூச்சுன்னு போட்டா பிளான் ரொம்ப நீளுது. ரெண்டும் சேர்ந்து ஓடும்னு போட்டா தேதி நம்புற மாதிரி இல்ல. எதைப் போடறது சார்?"

FS என்பது Finish-to-Start, SS என்பது Start-to-Start, FF என்பது Finish-to-Finish; ஒரு வேலையின் தொடக்கத்தையோ முடிவையோ இன்னொரு வேலையோடு கட்டும் இணைப்புகள் இவை. பொதுவாகப் பதில் சொன்னால் இது விளங்காது. அதனால் ஒரே கட்டடத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு விதமாகவும் இணைத்துப் பார்த்துவிடுவோம். தூண், பீம், கூரை எல்லாம் முடிந்து நிற்கும் நான்கு தளக் குடியிருப்பு. ஒரு தளத்துக்குச் செங்கல் கட்டு 6 நாள். நான்கு தளத்துக்கும் சேர்த்து 24 நாள். உள்பூச்சு ஒரு தளத்துக்கு 5 நாள். மொத்தம் 20 நாள். கட்டு ஒரு குழு, பூச்சு ஒரு குழு. இரண்டும் கீழிருந்து மேலே போகின்றன.

ஒரு தளத்தில் கட்டு முடிந்த மறுநாளே பூசிவிட முடியாது. சுவருக்குத் தண்ணீர் விட வேண்டும். எலக்ட்ரீஷியன் காடி வெட்டி, பைப்பும் பெட்டியும் பதிக்க வேண்டும். இதற்கு 6 நாள் என்று வைத்துக்கொள்வோம். கட்டு வேலை தொடங்கும் நாள் 1ஆம் நாள். எல்லாம் வேலை நாட்கள்.

மென்பொருளைத் திறக்கும் முன், சைட்டில் உண்மையில் என்ன நடக்கும் என்று கையால் எழுதிப் பார்த்துவிடுங்கள். முதல் தளக் கட்டு 6ஆம் நாள் முடிகிறது. 12ஆம் நாள் மாலை பூச்சுக்குத் தயார். இரண்டாவது தளம் 18ஆம் நாள், மூன்றாவது 24ஆம் நாள், நான்காவது 30ஆம் நாள் தயார். நான்காவது தளத்தை 31ஆம் நாள் காலை தொட்டு, 35ஆம் நாள் மாலை முடிக்கலாம். ஆக, பூச்சு முடியும் உண்மையான தேதி 35. அதற்கு முன்னால் முடிக்க வழியே இல்லை. இந்த 35தான் நம் உரைகல். எந்த இணைப்பு இதைச் சரியாகச் சொல்கிறது என்று பார்க்கப்போகிறோம்.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, பின்னால் வரும் வேலையின் தொடக்கத் தேதி சரியா? குழுவை எந்த நாள் வரச் சொல்வது என்பது இதைப் பொறுத்தது. இரண்டாவது, அதன் முடிவுத் தேதி சரியா? டைல்ஸ்காரருக்கும் பெயின்டருக்கும் நாம் வாக்குக் கொடுப்பது இந்தத் தேதியை வைத்துத்தான்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். முன்னால் ஓடும் வேலை நடுவில் தடைப்பட்டால், அந்தத் தாமதம் பிளானில் பின்னால் உள்ள தேதிகளுக்குப் போய்ச் சேருகிறதா? நல்லபடியாக நடக்கும்வரை எந்த இணைப்பும் ஓரளவு சரியாகத்தான் இருக்கும். தடை வரும்போதுதான் அதன் குணம் தெரியும். சோதனைக்காக, இரண்டாவது தளக் கட்டில் 8ஆம் நாளிலிருந்து 13ஆம் நாள்வரை செங்கல் லோடு வராமல் 6 நாள் வேலை நின்றது என்று வைத்துக்கொள்கிறேன். அப்போது கட்டு 30ஆம் நாள் முடியும். பூச்சு உண்மையில் 41ஆம் நாள் முடியும்.

நான்காவது, பின்னால் வரும் வேலையின் வேகம் மாறினால் என்ன ஆகும்? பூச்சுக் குழுவில் ஆள் குறைந்து, தளத்துக்கு 5 நாளுக்குப் பதில் 8 நாள் ஆகிறது என்று வைப்போம். மொத்தம் 32 நாள். 13ஆம் நாள் தொடங்கினால் உண்மையான முடிவு 44.

## FS: முன்னது முடிந்தபின் பின்னது

மென்பொருளில் ஒன்றும் குறிப்பிடாமல் இணைத்தால் தானாக வருவது இதுதான். நம் கணக்கில் 6 நாள் காத்திருப்பையும் சேர்த்து FS+6. இங்கே +6 என்பதை லேக் என்பார்கள். இரண்டு வேலைக்கும் இடையில் விடும் இடைவெளி.

கட்டு 24ஆம் நாள் முடிகிறது. 6 நாள் இடைவெளி. பூச்சு 31இல் தொடங்கி 50இல் முடிகிறது. உண்மையைவிட 15 நாள் அதிகம். நான்காவது தளத்தில் கடைசிச் செங்கல் வைக்கும்வரை முதல் தளத்தைத் தொடக் கூடாது என்று பிளான் சொல்கிறது. எந்த மேஸ்திரியும் இதைக் கேட்க மாட்டார். 13ஆம் நாளே ஆள் இறங்கிவிடுவார்கள். பிளான் ஒரு பக்கம், சைட் ஒரு பக்கம் என்றாகிவிடும். ஒருமுறை அப்படிப் பிரிந்துவிட்டால், அந்தச் சார்ட்டை அதற்குப் பிறகு சைட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த இணைப்பின் மறைமுகச் செலவு அந்த நம்பிக்கை இழப்புதான்.

தாமதத்தை மட்டும் இது நேர்மையாகக் கடத்தும். கட்டு 6 நாள் தள்ளினால் பூச்சும் அப்படியே 37–56 என்று 6 நாள் தள்ளும்.

குறை FSஇல் இல்லை. வேலையை நாம் வெட்டியிருக்கும் அளவில்தான் இருக்கிறது. ஒரு வேலை முழுவதும் முடியாமல் அடுத்தது உண்மையாகவே தொடங்க முடியாத இடங்கள் உண்டு. கம்பி கட்டி, செக்கிங் முடியாமல் கூரைக்குக் கான்கிரீட் போட முடியாது. கான்கிரீட் போடாமல் முட்டு எடுக்கும் பேச்சே இல்லை. அங்கெல்லாம் FS தவிர வேறொன்றை யோசிக்கவே வேண்டாம்.

## SS: முன்னது தொடங்கிச் சில நாளில் பின்னது

பிளான் நீளுகிறதே என்று தவிப்பவர்கள் அடுத்து ஓடுவது இங்கேதான். கட்டு தொடங்கி 12 நாள் கழித்துப் பூச்சு தொடங்கலாம்; அதாவது SS+12. பூச்சு 13இல் தொடங்கி 32இல் முடிகிறது.

தொடக்கம் சரி. ஆனால் முடிவைப் பாருங்கள். 32 என்பது சாத்தியமே இல்லை. நான்காவது தளம் பூச்சுக்குத் தயாராவதே 30ஆம் நாள் மாலைதான். அதற்குப் பிறகு 5 நாள் வேலை இருக்கிறது. பூச்சுக் குழு கட்டுக் குழுவைவிடத் தளத்துக்கு ஒரு நாள் வேகம். இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மேல் தளங்களில் பூச்சுக்காரர்கள் தயாராகாத சுவருக்கு முன்னால் வந்து நிற்பார்கள். பிளான் இதைக் கவனிக்காது. SS தொடக்கத்தை மட்டும்தான் கட்டுகிறது. முடிவைப் பற்றி அதற்கு ஒரு வார்த்தையும் தெரியாது.

அடுத்தது தாமதச் சோதனை. 8ஆம் நாள் செங்கல் லோடு நின்றது. கட்டு வேலை 1ஆம் நாளே தொடங்கிவிட்டது என்பதால் பூச்சின் தேதி அசையவே அசையாது. கட்டு 30ஆம் நாள்வரை போகிறது, பூச்சு அதே 13–32. கடைசிச் சுவர் எழும்பி இரண்டே நாளில் அந்தத் தளம் உட்பட முழுக் கட்டடமும் பூசி முடிந்துவிடும் என்கிறது பிளான்!

நான் இதைப் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. வேலைக்கு வந்த புதிதில் நானே இப்படி ஒரு பிளான் போட்டேன். கட்டு வேலை பின்தங்கியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் திங்கட்கிழமை மீட்டிங்கில் சார்ட்டை விரித்தால் பூச்சுப் பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. சார்ட் சரி என்று சொல்கிறதே என்று நானும் பூச்சு மேஸ்திரிக்குப் போன் போட்டு வரச் சொல்லிவிட்டேன். எட்டுப் பேரோடு வந்து இறங்கினார். முதல் தளத்தை 5 நாளில் முடித்துவிட்டு, சாரத்தைக் கழற்றி மேலே ஏற்றினார்கள். மேலே பாதிச் சுவர் இடுப்பளவில் நின்றது. காடி வெட்டவே ஆரம்பிக்கவில்லை. மேஸ்திரி கரணையைக் கையில் வைத்துக்கொண்டு, "பூசுறதுக்குச் சுவர் எங்க சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வேலையில்லாத நாட்களுக்கு அந்த எட்டுப் பேரின் சாப்பாட்டுச் செலவை அவர்தான் சுமந்தார். தவறு முழுக்க என் பிளானில் இருந்த ஒரு இணைப்பில்.

இன்னொரு செலவும் இதில் ஒளிந்திருக்கிறது. கட்டு வேலையின் முடிவை வேறு எந்த வேலையும் பிடித்திருக்கவில்லை என்றால், அது தொடங்கியதாகப் பதிவு செய்தபின், திட்டத்தின் கடைசி நாள்வரை அது நீளலாம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அதனால் ஏராளமான ஃப்ளோட், அதாவது திட்டத்தின் கடைசி நாளைத் தள்ளாமல் அந்த வேலை தாமதிக்கக்கூடிய நாட்கள், இருப்பதாகக் காட்டும். உண்மையில் கட்டு வேலை ஒவ்வொரு நாளும் பூச்சின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் பிளானில் இது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளில் ஃப்ளோட் திடீரென்று பெருகியவற்றை எடுங்கள். அவற்றின் பின்தொடரும் வேலைகளில் ஒரு FSஓ FFஓ கூட இல்லாமல் SS மட்டும் இருந்தால், முடிவு அந்தரத்தில் தொங்குகிறது என்று பொருள்.

SS தனியாக நிற்கும் இடம் கொஞ்சம்தான். பூச்சு மெதுவாகவும் கட்டு வேகமாகவும் இருந்தால் தேதி சரியாகவே வரும். நம் நான்காவது சோதனையில் தளத்துக்கு 8 நாள் என்றால் SS+12 தருவது 13–44, உண்மையும் அதுதான். ஆனால் முன்னது நடுவில் நின்றால் சொல்லாது என்ற குறை அப்போதும் போகாது.

## FF: முன்னது முடிந்து சில நாளில் பின்னதும் முடியும்

இதை நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஆனால் இந்த மாதிரி வேலைக்குப் பாதி மருந்து இதில்தான் இருக்கிறது.

கேள்வியை முடிவிலிருந்து கேட்க வேண்டும். கட்டு வேலையின் கடைசி நாளுக்குப் பிறகு பூச்சு முடியக் குறைந்தது எத்தனை நாள் தேவை? நான்காவது தளச் சுவருக்குத் தண்ணீர் விடவும் பைப் பதிக்கவும் 6 நாள், அந்தத் தளத்தைப் பூச 5 நாள். ஆக FF+11. கட்டு 24இல் முடிந்தால் பூச்சு 35இல் முடியும். 20 நாள் வேலை என்பதால் 16ஆம் நாள் தொடங்கினால் போதும்.

16 என்பதை எளிதாகக் கடந்துவிடாதீர்கள். முதல் தளம் 13ஆம் நாளே தயார்தானே, ஏன் மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்று தோன்றும். 16இல் தொடங்கினால் முதல் தளம் 20, இரண்டாவது 25, மூன்றாவது 30, நான்காவது 35 என்று ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் குழு ஓடும். 13இல் தொடங்கினாலும் முடிவது 35தான். நடுவில் மூன்று நாள் சும்மா நிற்பார்கள். சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முடியும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. வெளியூரிலிருந்து குழுவை வரவழைப்பவருக்கு இந்த மூன்று நாள் உண்மையான பணம்.

தாமதச் சோதனையிலும் FF தேறுகிறது. கட்டு 30க்குப் போனால் பூச்சு 22–41 ஆகிறது. முடிவு சரி.

விழுவது நான்காவது சோதனையில். பூச்சு 32 நாளாக நீண்டால் FF+11 என்ன செய்யும்? முடிவை 35இல் பிடித்துக்கொண்டு, தொடக்கத்தைப் பின்னால் இழுத்து 4ஆம் நாள் என்று காட்டும். 4ஆம் நாள் முதல் தளச் சுவரே முடிந்திருக்காது. SSக்கு முடிவு தெரியாது என்றால் FFக்குத் தொடக்கம் தெரியாது. அதனால் இதையும் இந்த இடத்தில் தனியாக விடக் கூடாது.

தனியாக விடக்கூடிய வேலைகளும் உண்டு. வரைபடத் திருத்தம், அளவுப் பதிவு, தினசரிச் சோதனை ரிப்போர்ட் போன்றவை எப்போது தொடங்கின என்பது முக்கியமில்லை. மூல வேலை முடிந்த சில நாளில் முடிந்தால் போதும். அங்கே FF மட்டும் போடுவதில் தவறில்லை.

## SS, FF இரண்டும் சேர்ந்து

இரண்டின் குறையும் எதிரெதிராக இருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதே சரியான தீர்வு. SS+12, FF+11. பூச்சு 13க்கு முன் தொடங்கக் கூடாது. கட்டு முடிந்து 11 நாளுக்கு முன் முடியக் கூடாது. இரண்டில் எது கடுமையோ அது தேதியைத் தீர்மானிக்கும்.

சாதாரணமாக FF இழுத்து 16–35. தாமதத்தில் 22–41. பூச்சு மெதுவானால் SS கைக்கு எடுத்துக்கொண்டு 13–44. மூன்று நிலையிலும் முடிவு உண்மையோடு ஒத்துப்போகிறது. எந்த இணைப்பு எப்போது ஆளும் என்பதை மனதில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: பின்னால் வருபவன் வேகமானவன் என்றால் FF ஆளும், மெதுவானவன் என்றால் SS ஆளும்.

மறைமுகச் செலவு மென்பொருளில் இருக்கிறது. ப்ரைமவேராவில் ஒரே இரண்டு வேலைகளுக்கு நடுவே இரண்டு விதமான இணைப்பையும் போடலாம். எம்.எஸ். ப்ராஜெக்டில் இரண்டு வேலைகளுக்கு இடையில் ஒரே ஒரு இணைப்புதான் போட முடியும். அதில் இதைச் செய்ய, நடுவில் 0 நாள் மைல்ஸ்டோன் ஒன்றை வைக்க வேண்டும். கட்டிலிருந்து மைல்ஸ்டோனுக்கு SS, மைல்ஸ்டோனிலிருந்து பூச்சுக்கு FS, கட்டிலிருந்து பூச்சுக்கு நேராக FF. அட்டவணையில் இப்படி வரும். கடைசி நெடுவரிசை முந்தைய வேலைகள்:

```
3   செங்கல் கட்டு        24d
4   முதல் தளம் தயார்      0d    3SS+12d
5   உள்பூச்சு            20d    3FF+11d,4
```

இன்னொன்று, 12, 11 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. 12 என்பது ஒரு தளக் கட்டு 6, காத்திருப்பு 6. 11 என்பது காத்திருப்பு 6, ஒரு தளப் பூச்சு 5. பூச்சின் வேகம் மாறினால் 11ஐயும் மாற்ற வேண்டும். தளத்துக்கு 8 நாள் என்றால் அது 14. வேலையின் குறிப்புப் பகுதியில் இந்தக் கூட்டலை எழுதி வைத்துவிடுங்கள். அடுத்து வருபவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

## தளம் தளமாக வெட்டி, FS மட்டும்

இரண்டு வேலையை எட்டாக வெட்டிவிடுவது. கட்டு நான்கு, பூச்சு நான்கு. ஒவ்வொரு தளத்திலும் கட்டிலிருந்து பூச்சுக்கு FS+6. ஒரே குழு மேலே ஏறுவதால் கட்டுகளுக்குள் FS, பூச்சுகளுக்குள் FS.

தேதிகள்: முதல் தளப் பூச்சு 13–17, இரண்டாவது 19–23, மூன்றாவது 25–29, நான்காவது 31–35. முடிவு 35, உண்மை. 18, 24, 30 ஆகிய நாட்களில் குழுவுக்கு வேலை இல்லை என்பதும் வெளிப்படையாகத் தெரிகிறது. ஓட்டையை மறைக்காமல் காட்டுவதுதான் இதன் பெரிய பலம். அந்த நாட்களில் படிக்கட்டுப் பக்கச் சுவரையோ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையோ பூசச் சொல்லலாமா என்று யோசிக்க முடியும். வேண்டாம் என்றால் தொடக்கத்தை 16க்கு நீங்களே தள்ளிக்கொள்ளலாம்.

தாமதத்தில் 41, மெதுவானால் 44. எந்தத் தளத்தில் சிக்கல் என்பதும் தெரியும். சைட் ஆட்களுக்கும் இதுதான் புரியும். "இரண்டாவது தளத்தை 19ஆம் நாள் கொடுக்கணும்" என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லலாம். "SS+12 FF+11" என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை.

விலை வரிகளின் எண்ணிக்கை. நான்கு தளத்துக்கு எட்டு வரி சரி. 14 தளம், 3 பிளாக், பத்து விதமான வேலை என்றால் 420 வரி ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் வாரம்தோறும் முன்னேற்றம் பதிய வேண்டும். அதைப் பதிய ஆள் இல்லாவிட்டால் பழைய தேதிகள் அப்படியே கிடந்து, பிளான் மொத்தமும் பொய்யாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் சேர்த்து வைத்த SS, FF ஜோடியே மேல்.

## மைனஸ் போட்ட FS

சிலர் FS-9 என்று போடுவார்கள்; கட்டு முடிய 9 நாள் இருக்கும்போதே பூச்சு தொடங்கட்டும் என்று. நம் கணக்கில் இதுவும் 16–35 தருகிறது; தாமதத்திலும் 22–41 தருகிறது. பிறகென்ன குறை என்று கேட்கலாம்.

பூச்சு மெதுவானால் 16–47 என்று 3 நாள் அதிகமாகக் காட்டும் என்பது ஒரு குறை. அதைவிடப் பெரியது, அந்த 9க்கு சைட்டில் எந்தப் பொருளும் இல்லை. 6 நாள் காத்திருப்பைச் சுவரில் காட்டலாம். ஒரு தளப் பூச்சு 5 நாளைக் காட்டலாம். "முடிய 9 நாள் இருக்கும்போது" என்பதை யாரும் பார்த்து அறிய முடியாது. முடிந்த பிறகுதான் 9 நாளுக்கு முந்தைய நாள் எது என்று தெரியும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த மேலாண்மை அமைப்பு பிளான்களை எடைபோட வகுத்த 14 அம்சச் சோதனையில், மைனஸ் இடைவெளி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது ஒரு விதி. பிளஸ் இடைவெளி 5 சதவீத இணைப்புகளுக்கு மேல் போகக் கூடாது. FS குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும். நம் கட்டட பிளானுக்கு அந்த எண்களை அப்படியே சட்டமாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மைனஸ் விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்தான்.

## SF: முன்னது தொடங்கினால்தான் பின்னது முடியும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புது டிரான்ஸ்ஃபார்மரில் மின்சாரம் வந்தபிறகுதான் வாடகை ஜெனரேட்டரை அனுப்பலாம். இங்கே மின்சாரம் தொடங்குவது ஜெனரேட்டர் வேலையின் முடிவைத் தீர்மானிக்கிறது. காவலர் ஷிப்ட் மாறுவதும் இதே மாதிரி. கட்டுக்கும் பூச்சுக்கும் இதில் இடமே இல்லை. உங்கள் பிளானில் SF தென்பட்டால், பத்தில் ஒன்பது முறை யாரோ FS போட நினைத்துத் தவறாக இழுத்தது என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| இணைப்பு | சாதாரண நிலை | கட்டு 6 நாள் நின்றால் | பூச்சு 32 நாளானால் |
|---|---|---|---|
| சைட்டில் உண்மையான முடிவு | 35 | 41 | 44 |
| `FS+6` | 31–50 | 37–56 | 31–62 |
| `SS+12` | 13–32 | 13–32 | 13–44 |
| `FF+11` | 16–35 | 22–41 | 4–35 |
| `SS+12`, `FF+11` சேர்ந்து | 16–35 | 22–41 | 13–44 |
| தளம் தளமாக `FS+6` | 13–35 | 13–41 | 13–44 |
| `FS-9` | 16–35 | 22–41 | 16–47 |

"கட்டு 6 நாள் நின்றால்" என்ற நெடுவரிசையில் SS+12ஐ மட்டும் இன்னொருமுறை பாருங்கள். தடை வந்தபிறகும் எண் மாறாத ஒரே வரி அதுதான்.

## இடைவெளி நாள், எந்த நாள்?

இணைப்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்தபின்னும் தேதி தவறும் ஒரு இடம் இருக்கிறது. லேக் நாட்களை மென்பொருள் வேலை நாட்களாக எண்ணும். ஞாயிறையும் பண்டிகையையும் விட்டுவிடும். எலக்ட்ரீஷியன் காடி வெட்டுவதற்கு அது பொருந்தும். கான்கிரீட் இறுகுவதற்குப் பொருந்தாது. பொங்கலுக்குச் சைட் மூடியிருந்தாலும் கான்கிரீட் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

ஐ.எஸ். 456:2000 விதிப்படி, சாதாரண போர்ட்லாந்து சிமெண்டில் 4.5 மீட்டருக்கு மேல் நீளும் கூரைக்கு 14 நாள் கழித்தே முட்டு எடுக்கலாம். சனிக்கிழமை கான்கிரீட் போட்டு, வாரம் ஆறு நாள் வேலை என்ற காலண்டரில் `FS+14d` கொடுத்தால், 14 வேலை நாள் மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை முடியும். முட்டு எடுப்பது புதன்கிழமைக்குப் போகும். `FS+14ed` என்று கொடுத்தால் எம்.எஸ். ப்ராஜெக்ட் காலண்டர் நாளாக எண்ணும். இரண்டாவது சனிக்கிழமையோடு 14 நாள் ஆகிவிடும். திங்கட்கிழமை முட்டு எடுக்கலாம். ஒரு கூரைக்கு இரண்டு வேலை நாள் மிச்சம். காலண்டரை மாற்றாமல் அதில் தானாக வரும் வாரம் ஐந்து நாள் அமைப்பிலேயே விட்டிருந்தால் இழப்பு இன்னும் அதிகம்.

நம் கட்டு, பூச்சுக் கணக்கில் அந்த 6 நாள் கலப்படமானது. தண்ணீர் விடுவது ஞாயிற்றுக்கிழமையும் நடக்கும். பைப் பதிப்பது நடக்காது. இப்படிக் கலந்து வரும்போது நான் லேக் போடுவதையே விட்டுவிட்டு, "காடி வெட்டிப் பைப் பதித்தல்" என்று தனி வேலையாகவே எழுதிவிடுவேன். இடைவெளிக்குள் ஒளிந்திருக்கும் வேலைக்கு ஆளும் கிடையாது, பொறுப்பும் கிடையாது. எலக்ட்ரீஷியன் நான்கு நாள் வராமல் போனால் லேக் சொல்லாது. தனி வரி சொல்லும்.

## யாருக்கு எது

தனி வீடு, இரண்டு மூன்று தளம், பிளானை நீங்களே வாரம்தோறும் திருத்துகிறீர்கள் என்றால் தளம் தளமாக வெட்டி FS மட்டும் போடுங்கள். பைப் பதிப்பதையும் தனி வரியாக வையுங்கள். வேறு எதுவும் தேவைப்படாது.

உயரமான கட்டடம், நிறைய பிளாக், டெண்டருக்குத் தேதி கொடுக்க வேண்டிய மேலோட்டமான பிளான் என்றால் SS, FF ஜோடி. இரண்டு எண்ணின் கூட்டலையும் குறிப்பில் எழுதி வையுங்கள். வேலை தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது, கடைசித் தேதியைப் பிடித்திருக்கும் வேலைகளை மட்டுமாவது தளம் தளமாக வெட்டிவிடுங்கள்.

ஒரு வேலை முழுதாக முடியாமல் அடுத்தது தொடவே முடியாத இடத்தில் வெறும் FS. ரிப்போர்ட், அளவுப் பதிவு மாதிரியான பின்தொடரும் வேலைகளுக்கு வெறும் FF. வெறும் SS போட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால், முன்னால் உள்ள வேலையின் முடிவை வேறு ஏதாவது ஒரு வேலை FSஇலோ FFஇலோ பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பிளானை வெளியே அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து, கட்டு வேலையின் நாட்களை 24லிருந்து 30 ஆக்கிப் பாருங்கள். பூச்சின் முடிவு 6 நாள் நகர வேண்டும். நகரவில்லை என்றால், பூச்சு மேஸ்திரிக்குப் போன் போடும் முன் அந்த இணைப்பைத் திருத்துங்கள்.